வினையிலிருந்து சொற்குடும்பம்: பின்னொட்டும் முன்னொட்டும் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4 முதல் ஆண்டு 6 வரை பயிலும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பிலோ வீட்டிலோ சொல்லாக்கம் கற்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் எழுதும்போது ‘வளர்ச்சி’ வேண்டிய இடத்தில் ‘வளர்ப்பு’ என்றும், ‘பிரிவு’ வேண்டிய இடத்தில் ‘பிரிப்பு’ என்றும் எழுதிவிடுகிறார்கள். புதிதாகக் கற்பிக்க வருபவர்கள் இதைச் சொல்வளக் குறைவு என்று எண்ணி, நீண்ட சொற்பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் பேச்சிலேயே இருக்கும் வேறுபாட்டை எழுத்தோடு இணைத்துவிட்டால் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி தேவைப்படாது என்பதால், கீழே உள்ள படிகளை அதே வரிசையில் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்குமுன் தேவையானவை

ஒவ்வொரு மாணவருக்கும் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் இரண்டு நிறப் பேனாக்களும் போதும். நோட்டைக் குறுக்காகத் திருப்பி, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொற்குடும்பத்தை மட்டும் எழுதச் சொல்லவும். ஒரு பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் வந்தால், பின்னர் புதிய உறுப்பினரைச் சேர்க்க இடமிருக்காது. பிள்ளைகள் பக்கத்து இடத்தில் எழுதி உறவுகளைக் கலந்துவிடுவார்கள்.

ஆசிரியரின் பக்கத்தில் தேவைப்படுவது, முன்கூட்டியே சோதித்துப் பார்த்த வினைகளின் சிறிய பட்டியல். முதல் வாரத்திற்குக் குறை, பிரி, அழி, மறை, விரி, இணை, அசை, சிதை ஆகிய எட்டும் நன்றாகப் பயன்படும். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்து வினைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அப்படித் தேர்ந்தெடுக்கும் சொல் பெரும்பாலும் விதிவிலக்காக அமைந்து, பாடம் அங்கேயே தடம் மாறிவிடும்.

பகுதி, விகுதி, சந்தி, சாரியை என்னும் பகுபத உறுப்புகளின் பெயர்களை முதல் இரண்டு வாரங்களுக்குத் தள்ளி வைக்கலாம். பெயர் முதலில் வந்தால், பிள்ளைகள் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டு, எந்த எழுத்தின் கீழ் எந்தப் பெயரை எழுதுவது என்று தேடத் தொடங்குகிறார்கள்.

2. முதல் படி: வினையிலிருந்தே தொடங்கவும்

‘அழகு’, ‘தோட்டம்’ போன்ற பெயர்ச்சொல்லை நடுவில் எழுதிச் சுற்றிலும் தொடர்புள்ள சொற்களை எழுதச் சொல்வது பல வகுப்புகளில் வழக்கமாக உள்ளது. அந்தப் பயிற்சியில் ‘தோட்டம்’ என்ற சொல்லைச் சுற்றிச் செம்பனை, பால்மரம், மண்வெட்டி, லயம் என்று பொருளால் தொடர்புள்ள சொற்கள் வந்து சேரும். அவை ஒரே இடத்தைப் பற்றிய சொற்களே அன்றி, ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. சொற்குடும்பம் என்றால் எல்லா உறுப்பினர்களுக்குள்ளும் ஒரே வேர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; அந்த வேரின் பொருளும் உள்ளே இருக்க வேண்டும்.

தமிழில் மிகுதியான கிளைகளை விடுபவை வினைகளே. ஆகவே கட்டளையாகச் சொல்லக்கூடிய வடிவத்தை நடுவில் எழுதவும்: பிரி, குறை, எழுது, ஓடு. ஒருவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் ஒரு செயலைச் செய்ய முடிகிறதா என்று பிள்ளைகளையே சோதிக்கச் சொல்லலாம். ‘பிரி’ என்றால் பொட்டலத்தைப் பிரிக்கலாம். ‘பிரிவு’ என்றால் எதையும் செய்ய முடியாது. இந்தச் சோதனை ஐந்தாம் படியில் மீண்டும் தேவைப்படும் என்பதால் இப்போதே பழக்கிவிடுவது நல்லது.

பாடநூல்களில் முதலில் வருவது பெரும்பாலும் ‘-தல்’ விகுதிதான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறேன். ஏறத்தாழ எல்லா வினைகளோடும் ‘-தல்’ சேரும் என்பதால், அதைக் கற்ற பிள்ளை ‘குறைதல், பிரிதல், வளர்தல்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வடிவத்தைத் தேடாமல் நின்றுவிடுகிறது. கட்டுரையில் ‘விலை குறைதலினால்’ என்று எழுதும் பிள்ளைக்கு ‘விலைக் குறைவினால்’ என்பது வெகுநாள் வரை வருவதில்லை.

3. இரண்டாம் படி: நிகழ்காலத்தில் சொல்ல வைக்கவும்

இந்த வழிகாட்டியின் நடு முதுகெலும்பு இதுவே. இதற்கு இரண்டு வகுப்புகள் முழுமையாக ஒதுக்கலாம்.

ஒரே வினையை இரண்டு வாக்கியங்களில் சொல்லச் சொல்லவும். பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும். ‘பால் விலை குறையுது.’ ‘கடையில விலையக் குறைக்கிறாங்க.’ பிறகு அவற்றை எழுத்துத் தமிழில் எழுதச் சொல்லவும்: ‘விலை குறைகிறது’, ‘விலையைக் குறைக்கிறார்கள்’. முதல் வாக்கியத்தில் ‘கிற’ மட்டும் கேட்கிறது. இரண்டாவதில் ‘க்கிற’ என்று ஒற்று இரட்டித்துக் கேட்கிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பேச்சில் தவறவிடுவதே இல்லை. ‘விலை தானாகக் குறைக்கிறது’ என்று சொல்லும் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இப்போது விதியைக் கொடுக்கவும். ‘கிற’ என்று ஒலிக்கும் வினைக்கு ‘-வு’. ‘க்கிற’ என்று ஒலிக்கும் வினைக்கு ‘-ப்பு’. வினையில் கேட்ட இரட்டிப்பு பெயரிலும் இரட்டிப்பாகவே வருகிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. குறைகிறது, குறைவு, குறைக்கிறார்கள், குறைப்பு. பிரிகிறது, பிரிவு, பிரிக்கிறார், பிரிப்பு. அழிகிறது, அழிவு, அழிக்கிறார், அழிப்பு. ‘-வு’ வரிசையை ஒரு நிறத்திலும் ‘-ப்பு’ வரிசையை இன்னொரு நிறத்திலும் எழுத வைக்க வேண்டும். இரண்டு பேனாக்கள் கேட்டது இதற்காகத்தான்.

ஒவ்வொரு பெயரையும் எழுதியவுடன் ஒரு வாக்கியம் கேட்கவும். ‘கொசு ஒழிப்பு’ என்று சுவரொட்டியில் இருப்பதைச் சில பிள்ளைகள் சொல்வார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஏனெனில் கொசுவை யாரோ ஒழிக்கிறார்கள். ‘காடுகளின் அழிவு’ என்றால் காடு அழிந்துகொண்டிருக்கிறது. ‘காடழிப்பு’ என்றால் அதை அழிக்கும் கை ஒன்று இருக்கிறது. ‘சம்பளக் குறைவு’ என்பது சம்பளம் போதாத நிலை. ‘சம்பளக் குறைப்பு’ என்பது நிர்வாகம் செய்த செயல். தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி இணைக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை.

புதிதாகக் கற்பிப்பவர்கள் இங்கே செய்யும் பிழை, ஒலியை விட்டுவிட்டு ‘செயப்படுபொருள் இருந்தால் ப்பு’ என்று விதியை மாற்றிச் சொல்வது. அது குறை, பிரி போன்ற இரட்டை வினைகளுக்குச் சரியாக அமைந்தாலும், சிரி, பிற, நடி போன்றவற்றில் உடைந்துவிடும். சிரிக்கிறான் என்பதற்குச் செயப்படுபொருள் இல்லை. இருந்தாலும் பெயர் ‘சிரிப்பு’. பிறக்கிறது என்பதற்கும் இல்லை, பெயர் ‘பிறப்பு’. ஒலியை வைத்துப் பார்த்தால் இரண்டும் விதிக்குள்ளேயே அடங்குகின்றன. ஆகவே, ‘யார் செய்கிறார்?’ என்ற கேள்வியை ஒரே வினைக்கு இரண்டு வடிவங்களும் இருக்கும்போது பொருளைத் தெளிவுபடுத்த மட்டும் பயன்படுத்தவும். விகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் காதின் வேலை.

இறந்தகாலத்தை வைத்துச் சோதிப்பதும் சரிவராது. குறைந்தது, குறைத்தார் என்பவை அழகாகப் பிரிந்து நிற்பதால் சிலர் ‘ந்த’ வந்தால் ‘வு’ என்று கற்பிக்கிறார்கள். ஆனால் ‘பிறந்தது’ என்பதிலும் ‘ந்த’ இருக்கிறது. அதை நம்பினால் ‘பிறவு’ என்று எழுத நேரும். நிகழ்காலத்தில் அது ‘பிறக்கிறது’ என்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்தப் படியின் சிறப்பு ‘படி’ என்ற வினையில் நன்றாகத் தெரியும். தூசு படிகிறது, ஆகவே ‘படிவு’. பாடம் படிக்கிறாள், ஆகவே ‘படிப்பு’. எழுத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு வேர்களைப் பிள்ளைகள் தாங்களாகவே பிரித்துவிடுகிறார்கள். அறிவியல் பாடத்தில் ஆற்றின் அடியில் சேரும் ‘படிவு’ என்ற சொல்லைப் பார்க்கும்போது அதைப் படிப்போடு குழப்பிக்கொள்வதும் இல்லை.

விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றை மறைக்க வேண்டாம். நினைக்கிறேன் என்பதற்கு ‘நினைப்பு’ மட்டுமன்றி ‘நினைவு’ம் உண்டு. துறக்கிறார் என்பதற்குத் ‘துறவு’. மறுபுறம், தொடர்கிறது என்பதற்குத் ‘தொடர்பு’, சார்கிறது என்பதற்குச் ‘சார்பு’ என்று ஒற்றைப் பகரம் வருகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘விதிக்கு வெளியே நிற்பவை’ என்று தலைப்பிட்டு அங்கே சேர்த்து வரச் சொல்லவும். முதல் எட்டு வினைகளும் பழகிய பிறகே இந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும்; முதல் நாளிலேயே திறந்தால் பிள்ளைகள் விதியை நம்ப மறுத்துவிடுவார்கள்.

4. மூன்றாம் படி: கு, சு, டு, து, பு, று என்று முடிபவை

எழுது, பாடு, மாறு போன்றவை ‘கிற’ என்றே ஒலித்தாலும் ‘எழுதுவு’, ‘பாடுவு’ என்று வருவதில்லை. ஆகவே, இரண்டாம் படி பழகியவுடன் பிள்ளைகளே இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். கேட்கும் வரை காத்திருப்பது நல்லது.

இந்த வினைகள் தங்கள் கடைசி வல்லெழுத்தை இரட்டித்துப் பெயராகின்றன. எழுது என்பது எழுத்து. பாடு என்பது பாட்டு. பேசு என்பது பேச்சு. சிலவற்றில் இரட்டிப்போடு ‘-அம்’ சேரும்: ஓடு, ஓட்டம், ஆடு, ஆட்டம், மாறு, மாற்றம், ஏறு, ஏற்றம். வல்லெழுத்துக்கு முன் மெல்லெழுத்து இருந்தால் அந்த மெல்லெழுத்தும் வல்லெழுத்தாக மாறிவிடும்: தொடங்கு, தொடக்கம், விளங்கு, விளக்கம், விரும்பு, விருப்பம், தோன்று, தோற்றம். ‘விரும்பம்’, ‘தொடங்கம்’ என்று எழுதும் பிள்ளைக்கு இந்த ஒரு மாற்றத்தை மட்டும் காட்டினால் போதும்.

இரண்டே குறில் எழுத்துகளாக உள்ள வினைகள் வேறு வழியில் செல்கின்றன, முதலெழுத்து நீண்டுவிடும். கெடு, கேடு, சுடு, சூடு, பெறு, பேறு, படு, பாடு. இவற்றுள் ‘படு’ ஒன்றை மட்டும் ஆழமாக நடத்தினால் போதும், ஏனெனில் அதைக் கடைசியில் தாங்கிய பல வினைகளும் அதே வழியில் வருகின்றன: வேறுபடு, வேறுபாடு, ஈடுபடு, ஈடுபாடு, கட்டுப்படு, கட்டுப்பாடு, மேம்படு, மேம்பாடு. பழைய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் ஊர்களில் ‘மேம்பாடு’, ‘மேம்பாட்டாளர்’ என்ற சொற்களைப் பிள்ளைகள் பலகைகளிலும் நாளிதழ்களிலும் பார்த்திருப்பார்கள். அந்தச் சொல்லுக்குள் ‘படு’ இருப்பதைக் கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல பயிற்சி.

எடு, தடு, பொறு, மறு ஆகியவையும் இரண்டு குறில்களே ஆயினும் அவை ‘க்கிற’ என்று ஒலிப்பதால் எடுப்பு, தடுப்பு, பொறுப்பு, மறுப்பு என்று இரண்டாம் படியின் விதிக்கே திரும்பிவிடுகின்றன. காதுச் சோதனை இங்கேயும் முன்னால் நிற்கிறது.

5. நான்காம் படி: ‘-சி’யும் அதன் எழுத்துப் பிழையும்

ர், ழ், ல், ள் என்று முடியும் பல வினைகள் ‘-சி’ ஏற்கின்றன. வளர், வளர்ச்சி, மகிழ், மகிழ்ச்சி, முயல், முயற்சி, பயில், பயிற்சி, சுழல், சுழற்சி, ஆள், ஆட்சி, மீள், மீட்சி. காண் என்பதும் காட்சி என்று இவ்வரிசையில் சேர்கிறது.

இங்கே மிகுதியாக வரும் பிழை ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’. இதைச் சிவப்புக் கோடிட்டுத் திருத்துவதால் பயனில்லை. காரணத்தைச் சொன்னால்தான் நிற்கிறது. தமிழில் ர், ழ், ய் ஆகிய மெய்களுக்குப் பின் இன்னொரு வல்லின மெய் இரட்டித்து வரலாம். ஆகவே ‘வளர்ச்சி’ சரி. ற், ட் ஆகியவற்றுக்குப் பின் அப்படி இரட்டித்து வராது. ஆகவே ‘முயற்சி’, ‘ஆட்சி’. பிள்ளைகளுக்கு இதைச் சுருக்கமாக, ‘ற், ட் வந்துவிட்டால் ஒரே ஒரு ச தான்’ என்று சொல்லலாம்.

சில வினைகளில் ‘-வு’ம் ‘-சி’யும் இரண்டும் உண்டு, பொருள் மட்டும் விலகி நிற்கும். தேர்வு, தேர்ச்சி என்ற இணை பள்ளிப் பிள்ளைகளுக்கு மிக அருகில் இருப்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தேர்வு எழுதுவது, தேர்ச்சி அடைவது.

6. ஐந்தாம் படி: ஆளைக் குறிக்கும் விகுதிகள்

இப்போதுதான் ஆட்களைக் குறிக்கும் சொற்களுக்கு வர வேண்டும். முன்பே வந்தால் எதன்மேல் விகுதியை ஒட்டுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

‘-ஆளர்’ என்பது, மேலே உருவாக்கிய பெயரின்மேல் அமர்கிறது. எழுத்து, எழுத்தாளர், பேச்சு, பேச்சாளர், பயிற்சி, பயிற்சியாளர், இணைப்பு, இணைப்பாளர். ‘-நர்’ என்பது வினையின்மேலேயே நேராக அமர்கிறது. ஓட்டு, ஓட்டுநர், இயக்கு, இயக்குநர், பெறு, பெறுநர், அனுப்பு, அனுப்புநர். முதல் படியில் பழக்கிய கட்டளைச் சோதனை இங்கே கைகொடுக்கிறது. விகுதிக்கு முன்னால் உள்ள துண்டைக் கட்டளையாகச் சொல்ல முடிந்தால் ‘-நர்’. ‘எழுத்து’ என்று யாருக்கும் கட்டளையிட முடியாது, ஆகவே ‘-ஆளர்’.

‘ஓட்டுனர்’ என்று எழுதப்பட்ட பலகைகளைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்ப்பதால், ஏன் ‘ந’ என்று கேட்பார்கள். விகுதியே ‘-நர்’ என்பதுதான் விடை. ‘உறுப்பினர்’, ‘குடும்பத்தினர்’ ஆகியவற்றில் இருப்பது ‘-இனர்’ என்னும் வேறு விகுதி; அங்கே ‘ன’ சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, உறுப்பு, குடும்பம் என்பவை வினையல்ல என்பதைக் காட்டவும்.

‘-காரர்’ பொருளையோ தொழிலையோ குறிக்கும் பெயரோடு சேரும்: கடைக்காரர், தோட்டக்காரர். அறிஞர், கலைஞர், கவிஞர், இளைஞர் என்னும் ‘-ஞர்’ சொற்களைப் புதிதாக ஆக்க முயலாமல் சொல்லாகவே கற்றுக்கொள்ளச் சொல்லலாம்.

7. ஆறாம் படி: எதிர்மறையும் முன்னொட்டும்

நம் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் ‘இம்புஹான்’ கற்கிறார்கள். மாயின் என்ற வேருக்கு முன்னால் ஒட்டினால் பெர்மாயின், பெமாயின். முன்னும் பின்னும் ஒட்டினால் பெர்மாயினான். இந்தப் பழக்கத்தோடு தமிழுக்கு வரும் பிள்ளை, எதிர்மறைக்கும் முன்னால் ஒட்ட ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறது. ‘டீச்சர், மகிழ்ச்சிக்கு முன்னால எதப் போடணும்?’ என்று கேட்ட மாணவிக்கு விடை, ‘முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் பார்’ என்பதுதான்.

தமிழ் தன் எதிர்மறையைப் பெரும்பாலும் பின்னால் வைக்கிறது. வினையாக இருந்தால் ‘-ஆமை’: அறியாமை, இயலாமை. பெயராக இருந்தால் ‘-இன்மை’: வேலையின்மை, ஒற்றுமையின்மை. அடைமொழியாக வேண்டுமானால் ‘-அற்ற’: பயனற்ற, தொடர்பற்ற. இவற்றைக் கலந்து ‘அறிவாமை’ என்று எழுதுவது வழக்கமான பிழை. அறிவு பெயர் ஆகையால் ‘அறிவின்மை’, அறி வினை ஆகையால் ‘அறியாமை’ என்று மீண்டும் கட்டளைச் சோதனைக்கே அழைத்துச் செல்லவும்.

அநீதி, அநியாயம், அசுத்தம், அவநம்பிக்கை போன்றவற்றில் எதிர்மறை முன்னால் வருகிறது. இந்த முன்னொட்டுகள் வடமொழி வழி வந்தவை. பெரும்பாலும் வடமொழிச் சொற்களோடு நிற்கின்றன. இவற்றைப் பார்க்கும்போது அடையாளம் காணக் கற்பிக்க வேண்டும். இவற்றைக் கொண்டு புதிய சொல் ஆக்கச் சொல்லக் கூடாது. ஆக்கச் சொன்னால் ‘அமகிழ்ச்சி’ போன்றவை வரும்.

முன், பின், உள், வெளி, துணை, இணை, எதிர், மறு ஆகியவை தனிச்சொல்லாகவும் நிற்கக்கூடியவை. சொல்லின் முன்னால் அமர்ந்து முன்னொட்டின் வேலையைச் செய்கின்றன. முன்னுரை, பின்விளைவு, துணைத் தலைமையாசிரியர், எதிர்விளைவு, மறுசுழற்சி என்பவை பிள்ளைகள் அறிந்தவையே. இங்கே கற்பிக்க வேண்டியது கட்டும் வரிசை. ‘மறுசுழற்சி’ என்ற சொல்லை எடுத்து, கடைசியாகச் சேர்ந்தது எது என்று கேட்கவும். சுழல் என்ற வினை முதலில் சுழற்சி ஆயிற்று. ஆன பிறகே ‘மறு’ வந்தது. ஆனால் ‘முன்னேற்றம்’ வேறு வரிசையில் அமைந்தது: முன், ஏறு இரண்டும் சேர்ந்து முன்னேறு என்ற வினையாகி, அந்த வினையே பிறகு முன்னேற்றம் ஆயிற்று. ‘முன்னேறு’ என்று கட்டளையிட முடிகிறது. ‘மறுசுழல்’ என்று யாரும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, நீண்ட சொல் எதையும் தனியாகப் பிரிக்கத் தயாராகிவிட்டது என்று கொள்ளலாம்.

8. ஒரு முழுப் பாடம்: ‘வளர்’

மேற்கண்ட படிகள் அனைத்தும் ஒரு மணி நேர வகுப்பில் எப்படி ஒன்றாக வருகின்றன என்பதை ‘வளர்’ என்ற வேரில் காட்டுகிறேன்.

முதல் பத்து நிமிடங்கள் பேச்சுக்கு மட்டும். எழுதுகோலைத் தொடாமல், வீட்டில் வளரும் ஒன்றையும் வீட்டில் யாரோ வளர்க்கும் ஒன்றையும் ஒவ்வொருவரும் சொல்லட்டும். ‘செம்பனக் கன்னு வளருது’, ‘தம்பி வளருறான்’, ‘பாட்டி கோழி வளக்கிறாங்க’ என்று வரும். பேச்சில் ‘ர்’ மறைந்து ‘வளக்கிறாங்க’ என்று ஒலிப்பதால் சிலர் எழுத்திலும் அதை விட்டுவிடுவார்கள். பலகையில் ‘வளர்க்கிறார்’ என்று எழுதி ரகர ஒற்றை அடிக்கோடிடவும்.

அடுத்து, பக்கத்தின் நடுவில் ‘வளர்’ என்று எழுதி இடப்பக்கம் ‘வளர்கிறது’, வலப்பக்கம் ‘வளர்க்கிறார்’ என்று இரு நிறங்களில் எழுத வைக்கவும். வலப்பக்கத்துக்கு விதிப்படி ‘வளர்ப்பு’ உடனே வந்துவிடும். இடப்பக்கத்துக்குச் சிலர் ‘வளர்வு’ என்பார்கள். விதிப்படி அது தவறான ஊகம் அன்று என்று சொல்லி, ஆனால் இந்தச் சொல் ரகரத்தில் முடிவதால் ‘-சி’யைத் தேர்ந்துகொண்டது என்று ‘வளர்ச்சி’யை எழுதவும். வீட்டில் பெரியவர்கள் ‘பிள்ள நல்ல வளர்த்தி’ என்று சொல்லக் கேட்ட பிள்ளைகள் அதையும் கொண்டுவருவார்கள். அது பேச்சு வழக்கில் உள்ள உறவுச்சொல் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு பொருளைச் சோதிக்க வேண்டும். ‘குழந்தை வளர்ச்சி’, ‘குழந்தை வளர்ப்பு’ என்று இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றிலும் வேலை யாருடையது என்று கேட்கவும். முதலாவதில் குழந்தையே உயரமும் எடையும் கூடுகிறது. இரண்டாவதில் தாய் தந்தையர் சோறூட்டி, பேசப் பழக்கி, பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ‘நாட்டின் வளர்ப்பு’ என்று எழுதிய பிள்ளையிடம், நாட்டைக் கோழிபோல் யாராவது வளர்க்கிறார்களா என்று கேட்டால் அதுவே திருத்திவிடும்.

இந்த நிலையில் ஆளைக் குறிக்கும் சொல்லைக் கேட்கவும். வளர்ப்பு என்ற பெயரின்மேல் ‘-ஆளர்’ அமர்ந்து ‘வளர்ப்பாளர்’ வருகிறது. கோழி வளர்ப்பாளர், மீன் வளர்ப்பாளர். ‘வளர்ச்சியாளர்’ என்று ஒருவர் சொல்வார். தானாக நிகழும் வளர்ச்சிக்குச் செய்பவர் இல்லை என்பதால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். பிறகு எதிர்மறைகள்: வளர்ச்சியின்மை, வளர்ச்சியற்ற, வளராமை. கடைசியாக, பக்கத்தில் வரும் சொல்லோடு சேரும் வடிவங்கள்: வளர்ப்புப் பிராணி, வளர்ச்சித் திட்டம். இங்கே ஒற்று மிகுவதைக் காட்டினால் போதும்; விதியை விளக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

முன்னொட்டுக்கான இடத்தை ‘வளர்’ குடும்பத்தில் நான் தேடச் சொல்வதில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் எல்லாக் கட்டங்களும் நிறைய வேண்டும் என்று ஆசிரியர் எண்ணினால், பிள்ளைகள் இல்லாத சொற்களை ஆக்கிக் கட்டத்தை நிரப்புவார்கள். காலிக் கட்டமும் சரியான விடையே என்று முதல் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மீதி நேரத்தில், உருவான சொற்களுள் மூன்றை மட்டும் எடுத்து ஒரு பத்தி எழுதச் சொல்லவும். மூன்றுக்கு மேல் கேட்டால், சொற்களை நுழைப்பதற்காகவே வாக்கியங்கள் எழுதப்பட்டுப் பத்தி சிதறிவிடுகிறது.

9. போலி உறவுகளும் சோதிக்கும் முறையும்

சில சொற்கள் எழுத்தால் நெருங்கியிருந்தும் குடும்பத்தில் சேராது. ‘விளை’ என்ற வினைக்கு விளைவு, விளைச்சல், விளைநிலம், விளைபொருள் என்று உறவுகள் உண்டு. அந்தப் பட்டியலில் ‘விளையாட்டு’ எப்போதும் வந்து சேரும். விளைதல் என்ற பொருள் விளையாட்டுக்குள் இருக்கிறதா என்று கேட்கவும். வாக்கியத்தில் அதைக் காட்ட முடியாவிட்டால் அது வேறு பக்கத்துக்குச் செல்ல வேண்டும். எழுத்து உறவு, பொருள் உறவு இரண்டும் இருந்தால்தான் ஒரே பக்கம் என்பதே நான் வைத்திருக்கும் அளவுகோல்.

கற்றது நின்றதா என்று அறிய, சொற்களை ஒப்புவிக்கச் சொல்ல வேண்டாம். பாடத்தில் வராத வினை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கவும்; ‘சாய்’, ‘நிறுத்து’, ‘தளர்’ ஆகியவை இதற்கு ஏற்றவை. ‘சாய்’க்குச் சாய்வு, சாய்ப்பு என்று இரண்டையும் வாக்கியத்தோடு கொடுத்தால் இரண்டாம் படி பதிந்துவிட்டது. ‘நிறுத்து’க்கு ‘நிறுத்தம்’ என்று சொல்லி, பஸ் நிறுத்தத்தை எடுத்துக்காட்டினால் மூன்றாம் படி பதிந்துவிட்டது. ‘தளர்’ என்பதற்குத் தளர்வு, தளர்ச்சி இரண்டையும் கொடுக்கும் பிள்ளைக்கு நான்காம் படியும் தெரியும். தவறு வந்தால், விடையைத் திருத்துவதற்கு முன் அந்த வினையை நிகழ்காலத்தில் உரக்கச் சொல்ல வைக்கவும். பல வேளைகளில் வாய்விட்டுச் சொன்னவுடனேயே பிள்ளை தானாக அழித்து எழுதிவிடுகிறது. அப்போதும் தவறு நீடித்தால், பிழை விகுதியில் இல்லை. அந்த வினையே பிள்ளைக்குப் பழக்கமில்லாதது. அப்படிப்பட்ட வினையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டில் பேசப்படும் வேறொன்றைக் கொடுக்கவும்.